ஒரு மரண அறிவிப்பும் ஒரு சம்பந்தியம்மாளும்
(இத்தாலிய மரண அறிவிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தல்)

நாளிதழில் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடும் பக்கம் எதுவென்று கேட்டால், பலரும் மரண அறிவிப்புப் பக்கத்தையே காட்டுவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அப்பக்கம் ஓர் உறவுப் பதிவேடு. யார் போனார், யாருடைய சம்பந்தி, எந்தத் தோட்டத்துக்காரர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் சில வரிகளில் அது சொல்லிவிடும். “இறைவனடி சேர்ந்தார்”, “பிரிவால் வாடும்” ஆகிய தொடர்களை யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. எனினும் அவற்றைக் கண்டவுடன் அடுத்து என்ன வரும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தகைய வாய்பாட்டு மொழி இத்தாலியரிடமும் உண்டு. அவர்கள் நாளிதழில் அச்சிடும் மரண அறிவிப்புக்கு ‘நெக்ரொலோஜியோ’ என்று பெயர். அதே செய்தியைக் கறுப்புக் கரையிட்ட தாளில் அச்சிட்டு ஊர்ச் சுவர்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டுவதும் அங்கு இன்றளவும் பல ஊர்களில் உள்ள வழக்கம். பெரும்பாலும் ஈமச்சடங்கு நிறுவனத்தாரே அதனை அச்சிட்டு ஒட்டிவிடுகின்றனர். தொடர்கள் பெரிதும் மாறா. பெயரும் நேரமும்தாம் மாறும்.

தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் இத்தாலிய மொழி பயில்பவன் நான். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் அத்தை ஒருவரின் மகள் இத்தாலியரை மணந்து, வட இத்தாலியில் வாழ்கிறார். (உறவால் அத்தை அல்லர்; எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அவர் அத்தைதான்.) அந்த மகளின் மாமியார் காலமானபோது, சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் படமெடுத்து மருமகன் அத்தைக்கு அனுப்பியிருந்தார். மருமகனும் மகளும் அடக்க வேலைகளில் இருந்ததால் விளக்கிச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. அத்தைக்கோ அதனை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டிய தேவை இருந்தது. தம் முதலாளியிடம் காட்டி விடுப்புக் கேட்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருக்கும் தம் அண்ணன் குடும்பத்துக்கும் செய்தி சொல்ல வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வியும் அவரிடம் இருந்தது.

“தம்பி, இதுல நம்ம பக்கத்து ஆளுங்க பேரு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருய்யா,” என்றார்.

அந்த அறிவிப்பை வரிவரியாக எப்படிப் பெயர்ப்பது, எங்கே வழுக்கும், வழுக்கியதை எப்படிக் கண்டுகொள்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரை. ஆள்பெயர்களையும் நாட்களையும் மாற்றியுள்ளேன். மரியா, பியாங்கி, ரோஸ்ஸி என்பவை நம் ஊரின் முனியம்மா, ராமசாமி போல அங்கே எங்கும் காணப்படும் பெயர்கள். அறிவிப்பின் பொருள், தமிழில் சொல்லுக்குச் சொல் வருமாறு:

“சமய ஆறுதல்களால் அரண் செய்யப்பெற்று, தம் அன்புக்குரியோரின் பாசத்துக்குக் குறைந்துபோனார்: மரியா பியாங்கி, வேத். ரோஸ்ஸி, வயது 81. இத்துயர அறிவிப்பைத் தருவோர்: பிள்ளைகள் அன்னா பாவ்லோவுடன், லூக்கா தேவியுடன், நிபோத்தி ஜூலியா, மார்கோ, அருண், சகோதரி தெரேசா, கொன்சுவோச்செரா, கொன்யாத்தி, நிபோத்தி, பரேந்தி அனைவரும். இறுதிச் சடங்குகள் நவம்பர் 14, வியாழக்கிழமை 15 மணிக்குப் பங்குக் கோயிலில், இல்லத்திலிருந்து 14.45க்குப் புறப்பட்டு. பின்னர் அன்பு உடல் கல்லறைத் தோட்டம் செல்லும். புனித செபமாலை புதன்கிழமை 20 மணிக்கு. மலர்கள் வேண்டா, நற்செயல்கள். இதுவே பங்களிப்பும் நன்றியும்.”

அடியில் ஊர்ப்பெயரும் ‘நவம்பர் 12’ என்ற நாளும் இருந்தன.

இறந்தார் என்று சொல்லாத சொற்கள்

முதல் வரியிலுள்ள வினையைப் பாருங்கள். இத்தாலியத்தில் ‘எ மன்காத்தா அல்லஃபெத்தோ தெய் சுவோய் காரி’ என்பது தொடர். ‘மன்காரே’ என்ற வினைக்குக் குறைதல், இல்லாதிருத்தல் என்பன அடிப்படைப் பொருள்கள். உப்புக் குறைந்தாலும் அதே வினைதான், ஆள் வராமற்போனாலும் அதே வினைதான். அகராதியைப் பார்த்து நேராகப் பெயர்ப்பவர் ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதிவிடக்கூடும். அப்படி எழுதினால் 81 வயது மூதாட்டி காணாமற்போனதாக, காவல் நிலையத்துக்குரிய செய்தியாக அது மாறிவிடும். இங்கு அச்சொல்லின் வேலை ‘காலமானார்’ என்பதன் வேலையே. ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘அன்புக்குரியோரின் பாசத்துக்கு’ என்ற பகுதியைக் காப்பாற்ற விரும்பினால், அன்புடையோர் துயருற அவர் காலமானார் என்ற பொருளில் ஒரு சிறு தொடரைச் சேர்க்கலாம்.

இதைப் போன்ற வேறு வினைகளும் உண்டு. ‘சி எ ஸ்பென்தா’ என்றால் விளக்கு அணைந்தது போல அணைந்தார் என்பது நேர்பொருள்; அமைதியாகக் காலமானார் என்பதே கருத்து. ‘தந்தையின் இல்லத்துக்குத் திரும்பினார்’ என்று வந்தால், தந்தை என்பதற்கான ‘பாத்ரே’ பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கினால் அது இறைவன். பிறந்த வீட்டுக்குப் போனார் என்று பொருள்கொண்டால் கதையே மாறிவிடும்.

இறந்தவர் ஆணா பெண்ணா என்பதையும் இவ்வினையின் ஈறே சொல்லும். ‘மன்காத்தா’ எனில் பெண். ‘மன்காத்தோ’ எனில் ஆண். ‘சுவோய்’ என்ற உடைமைச் சொல்லால் இது தெரியாது. அவருடைய, அவளுடைய, அவனுடைய ஆகிய மூன்றுக்கும் அது பொது. நம் ‘அன்னார்’ என்ற சொல்லும் பால் காட்டாது. ஆங்கிலத்திலோ ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்பவற்றுள் ஒன்றை எடுத்தே தீரவேண்டும். ஆகவே, மொழிபெயர்ப்பாளர் முதலில் வினையின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும்.

‘சமய ஆறுதல்களால் அரண் செய்யப்பெற்று’ என்பது கத்தோலிக்க வழக்கு. நோயில்பூசுதல் முதலிய இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று மறைந்தார் என்று பொருள். இதற்கு நாமாக ஆங்கிலம் புனைய வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கரிடம் ‘ஃபோர்டிஃபைட் பை த ரைட்ஸ் ஆஃப் ஹோலி சர்ச்’ என்ற தொடர் நெடுங்காலமாக வழங்குகிறது. ஒரு வாய்பாட்டுக்கு அடுத்த மொழியில் அதே வேலையைச் செய்யும் வாய்பாடு இருக்குமானால் அதையே எடுத்தாள வேண்டும். சொல்லைப் பெயர்ப்பதைவிட இது நம்பகமானது.

ஒரு பெண்ணுக்கு இரு குடும்பப்பெயர்

‘மரியா பியாங்கி, வேத். ரோஸ்ஸி’ என்பதில் அத்தையின் மருமகனுடைய குடும்பப்பெயர் ரோஸ்ஸி. அப்படியானால் பியாங்கி யார் என்று அத்தை கேட்டார். இத்தாலியப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னரும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே அரசு ஆவணங்களில் வைத்துக்கொள்கின்றனர். 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம், மனைவி தன் பெயரோடு கணவரின் குடும்பப்பெயரைச் சேர்த்துக்கொள்கிறார் என்றுதான் சொல்கிறது. மாற்றிக்கொள்கிறார் என்று சொல்லவில்லை. எனவே கடப்பிதழிலும் மரணச் சான்றிதழிலும் அவர் மரியா பியாங்கியே.

‘வேத்.’ என்பது ‘வேதோவா’ என்பதன் சுருக்கம். கைம்பெண் என்று பொருள். கணவர் ரோஸ்ஸி முன்னரே இறந்துவிட்டார் என்பதை இச்சுருக்கம் உணர்த்துகிறது. கணவர் உயிரோடிருந்தால் அவ்விடத்தில் ‘இன்’ என்ற இரண்டெழுத்துச் சொல் நிற்கும். ‘மரியா பியாங்கி இன் ரோஸ்ஸி’ எனில் ரோஸ்ஸியை மணந்தவர் என்று பொருள். ஆங்கிலத்திலும் ‘இன்’ என்று ஒரு சொல் இருப்பதால், ரோஸ்ஸி என்ற ஊரில் என்று படித்துவிடும் ஆபத்து இங்குண்டு. அடுத்து வரும் சொல் குடும்பத்தார் பட்டியலில் உள்ள ஆண்களின் குடும்பப்பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் ஐயம் நீங்கும்.

ஆங்கில வழக்கப்படி ‘மிஸஸ் ரோஸ்ஸி’ என்று மட்டும் எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் நாளை அந்த மொழிபெயர்ப்பும் மரணச் சான்றிதழும் ஒருங்கே காட்டப்படும்போது, ஒன்றில் ரோஸ்ஸி, மற்றொன்றில் பியாங்கி என்றிருந்தால் இருவேறு ஆட்கள் என்ற குழப்பம் எழும். எனவே ‘மரியா பியாங்கி, விடோ ஆஃப் மிஸ்டர் ரோஸ்ஸி’ என்று இரண்டையும் வைத்தேன். தந்தை பெயரோடு ‘அ/பெ’ என்று வாழும் நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. திருமணமானதும் பெயர் மாறாத சமூகங்கள் இரண்டுக்கும் நடுவில், மாறும் வழக்கமுடைய ஆங்கிலம் நிற்கிறது. அவ்வளவே.

நிபோத்தி என்பார் யார்?

உறவுப் பட்டியலே இவ்வறிவிப்பின் உயிர். இங்கு ஒரு வேறுபாட்டை முதலில் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் வழக்கில், மரண அறிவித்தல் இறந்தவரிடமிருந்து தொடங்கும். “காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் ஆவார்” என்று அவர் இன்னின்னாருக்கு என்ன முறை என்பதை அடுக்கிச் செல்லும். இத்தாலியரோ துயருறுவோரிடமிருந்து தொடங்குகின்றனர். ‘நெ தான்னோ இல் திரிஸ்தே அன்னூன்ச்சோ’, அதாவது இத்துயர அறிவிப்பைத் தருவோர் என்று சொல்லி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று வரிசைப்படுத்துகின்றனர். முறைச்சொல் எல்லாம் இறந்தவரை நோக்கியே நிற்கும். ‘சகோதரி தெரேசா’ என்றால் இறந்த மரியாவின் சகோதரி. அன்னாவுக்கோ லூக்காவுக்கோ அன்று. இந்தத் திசையை மறந்தால் சித்தியை அக்காளாக்கி விடுவோம்.

அடுத்து, ‘அன்னா பாவ்லோவுடன்’, ‘லூக்கா தேவியுடன்’ என்பவை. இத்தாலியத்தில் ‘கொன்’ என்ற சொல் ‘உடன்’ என்று பொருள்படும். பிள்ளையின் பெயரை அடுத்து ‘கொன்’ வந்தால், பின்வருபவர் அப்பிள்ளையின் வாழ்க்கைத் துணை. மருமகன், மருமகள் என்ற சொற்கள் அம்மொழியில் இருந்தாலும், இவ்விடத்தில் அவற்றைப் பயன்படுத்தாமல் பிள்ளையோடு இணைத்தே சொல்லிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘வித்’ என்று மட்டும் பெயர்த்தால், லூக்காவுடன் கூடவந்த யாரோ ஒருவர் போலத் தேவி தோன்றுவார். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் மகன், மருமகள், மகள், மருமகன் என்று தனித்தனியே தலைப்பிட்டு அடுக்கும் வழக்கம் உண்டு. படிப்பவர் மலேசியர் என்பதால், ‘ஹெர் சன் லூக்கா அண்ட் டாட்டர்-இன்-லா தேவி’ என்று உறவை வெளிப்படையாக எழுதினேன்.

‘நிபோத்தி’ என்ற சொல் இப்பட்டியலில் இருமுறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். இது நிபோத்தே என்பதன் பன்மை. பேரன், பேத்தி, உடன்பிறந்தாரின் மகன், மகள் ஆகிய நால்வருக்கும் இத்தாலியத்தில் இந்த ஒரே சொல்தான். ஆங்கிலத்திலும் தமிழிலும் இவை வேறுவேறு. எனவே மொழிபெயர்ப்பாளர் எதையேனும் தேர்ந்தெடுக்காமல் தப்பமுடியாது. தேர்வுக்குத் துணை செய்வது வரிசை. பிள்ளைகளை அடுத்து உடனே வரும் நிபோத்தி பெரும்பாலும் பேரப்பிள்ளைகள். உடன்பிறந்தார், அவர்தம் துணைவர் ஆகியோருக்குப் பின்னர் வரும் நிபோத்தி அவர்களுடைய பிள்ளைகள். இவ்வறிவிப்பில் முதல் நிபோத்தியில் மூன்று பெயர்கள் உள்ளன. அவற்றுள் அருண் அத்தையின் பேரன். ஆகவே அது பேரப்பிள்ளைகளைக் குறிப்பது உறுதியாயிற்று. இரண்டாம் நிபோத்தி பெயரின்றி, ‘கொன்யாத்தி’ என்ற மைத்துனர், நாத்தனார் கூட்டத்தை அடுத்து நிற்கிறது. எனவே ‘நெஃப்யூஸ் அண்ட் நீசஸ்’. பாட்டி என்ற சொல் எங்கேனும் இருந்தாலோ, ‘நிபோத்தீனி’ என்று குழந்தைகளைச் சுட்டும் வடிவம் இருந்தாலோ வேலை எளிது. பிள்ளையில்லாத ஒருவரின் அறிவிப்பில் நிபோத்தி தலைமை இடத்தில் நின்றால் அவர்கள் உடன்பிறந்தார் மக்களே. இவை எவையும் உதவாதபோது ஊகித்து எழுதாமல், குடும்பத்தாரைக் கேட்பதே முறை.

பட்டியலின் இறுதியில் நிற்கும் ‘பரேந்தி’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. ஆங்கிலப் ‘பேரண்ட்ஸ்’ போலவே ஒலிப்பதால் பெற்றோர் என்று எழுதிவிடத் தோன்றும். இத்தாலியத்தில் பரேந்தி என்றால் உறவினர். பெற்றோருக்கு ‘ஜெனித்தோரி’ என்ற வேறு சொல் உண்டு. 81 வயதில் இறந்தவரின் ‘பெற்றோர் அனைவரும்’ துயருறுகிறார்கள் என்று ஒரு மொழிபெயர்ப்பில் கண்டால், பெயர்த்தவர் ஒலியை நம்பினார் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் இல்லாத சம்பந்தி

அத்தையின் கேள்விக்கான விடை ‘கொன்சுவோச்செரா’ என்ற ஒற்றைச் சொல்லில் இருந்தது. ‘சுவோச்செரா’ என்றால் மாமியார். ‘கொன்’ என்ற முன்னொட்டோடு சேர்ந்தால் உடன் மாமியார், அதாவது சம்பந்தியம்மாள். ஆண்பால் ‘கொன்சுவோச்செரோ’. மரியாவின் சம்பந்தியம்மாள்களில் உயிரோடிருப்பவர் அத்தை ஒருவர்தாம் என்பதை அவரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பாவ்லோவின் தாயார் முன்னமே காலமாகிவிட்டார். ஆக, பெயர் அச்சிடப்படாவிட்டாலும், ஒருமையில் நிற்கும் அச்சொல் கிள்ளானில் இருக்கும் இந்த அத்தையைத்தான் சுட்டுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் சுவரில் துயருறுவோர் வரிசையில் அவரையும் சேர்த்திருந்தார்கள்.

அதைச் சொன்னதும் அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “என்னையும் ஒரு ஆளா மதிச்சு வச்சிருக்காங்க,” என்றார்.

இதனை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? தமிழில் சம்பந்தி உண்டு. மலாயில் ‘பெசான்’ உண்டு. இத்தாலியத்தில் கொன்சுவோச்செரா உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் இதற்கெனத் தனிச்சொல் இல்லை. ‘ரிலேட்டிவ் பை மேரேஜ்’ என்று எழுதினால் தவறில்லை. ஆனால் அது தூரத்து உறவாகத் தேய்ந்துவிடும். அத்தையின் இளைய மகன், “சிஸ்டர்-இன்-லான்னு போட்டுடுண்ணே, லீவு ஈசியா கிடைக்கும்,” என்றான். அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் துக்க விடுப்புக்கெனத் தனி ஏற்பாடு இல்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் பொறுத்தது. அவ்விதிகளில் பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தார் என்று பட்டியல் இருக்குமேயன்றிச் சம்பந்தி இருப்பது அரிது.

ஆயினும் நாத்தனாருக்கு இத்தாலியத்தில் ‘கொன்யாத்தா’ என்ற சொல் இருக்கிறது. அறிவிப்பில் அத்தையைக் குறிக்க அவர்கள் அதனைப் பயன்படுத்தவில்லை. இல்லாத உறவை மொழிபெயர்ப்பில் நுழைப்பது பொய்ச் சான்றாகும். பின்னர் யாரேனும் மூலத்தை ஒப்பிட்டால் அத்தையின் சொல்லே ஐயத்துக்கு உள்ளாகும். எனவே ‘த மதர் ஆஃப் ஹெர் டாட்டர்-இன்-லா தேவி’ என்று விரித்து எழுதினேன். மருமகள் தேவியின் தாயார் என்பது பொருள். ஒரு சொல் ஐந்தாறு சொல்லாக நீண்டாலும், உறவின் நெருக்கம் கெடவில்லை. யார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

நாளும் நேரமும்

அறிவிப்பின் பிற்பகுதி நடைமுறைச் செய்தி. ‘ஃபுனெராலி’ இத்தாலியத்தில் பன்மை வடிவில் வந்தாலும் இறுதிச் சடங்கு ஒன்றுதான்; ஆங்கிலத்தில் ஒருமையில் எழுத வேண்டும். ‘இல்லத்திலிருந்து 14.45க்குப் புறப்பட்டு’ என்பதற்கு நம் நாட்டு ஆங்கில அறிவிப்புகளில் வழங்கும் ‘கோர்ட்டேஜ் லீவ்ஸ்’ என்ற தொடர் அப்படியே பொருந்துகிறது. ‘சால்மா’ என்பது உயிர்நீத்த உடலைக் குறிக்கும் மரியாதைச் சொல். அதற்குரிய ‘அன்பு’ என்ற அடையை ஆங்கிலத்தில் வைத்தால் செயற்கையாக ஒலிக்கும், விட்டுவிடலாம். இங்கு கல்லறைத் தோட்டம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தனர். ‘துமுலட்சியோனே’ என்றிருந்தால் சுவரறைக் கல்லறையில் வைத்து மூடுதல். ‘இனுமட்சியோனே’ என்றிருந்தால் மண்ணில் புதைத்தல். இரண்டையும் ‘பரியல்’ என்று ஒன்றாக்கிவிடக் கூடாது.

நேரத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஆனால் கிள்ளானில் உள்ளவர்களுக்கு அதனைக் கணக்கிட்டுத் தரவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இத்தாலி நம்மைவிட ஏழு மணி நேரம் பின்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் ஆறு மணி நேரம். சடங்கு நவம்பரில் நடப்பதால் ஏழு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். வியாழன் 15 மணி என்றால் நமக்கு அன்றிரவு 10 மணி. புதன் 20 மணிச் செபமாலையோ நமக்கு வியாழன் அதிகாலை 3 மணி, கிழமையே மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் மூல நேரத்தை மாற்றாமல் வைத்து, அடியில் மலேசிய நேரத்தைத் தனிக்குறிப்பாகச் சேர்த்தேன்.

அங்கு அடக்கம் விரைவாகவே நடக்கிறது. இறந்து 24 மணி நேரம் கழிவதற்குள் பெட்டியை மூடக்கூடாது என்பது 1990ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி. பொதுவாக இரண்டு மூன்று நாட்களில் சடங்கு முடிந்துவிடும். படம் அத்தைக்குக் கிடைத்தது புதன் காலையில். உடனே கிளம்பினாலும் வியாழன் பிற்பகலுக்குள் அச்சிற்றூரை அடைவது அவருக்கு இயலாத காரியம். மகள் தொலைபேசியில், முப்பதாம் நாள் திருப்பலிக்காவது வாருங்கள் என்று அழைத்திருந்தார். ‘திரிஜேசிமோ’ எனப்படும் அது நம் கருமக்கிரியையோடு ஒப்புநோக்கத்தக்கது. ஐரிஷ் கத்தோலிக்கர் ஆங்கிலத்தில் இதனை ‘மந்த்ஸ் மைண்ட்’ என்பர். மலேசியாவில் பலருக்கு அது விளங்காது என்பதால், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி என்ற பொருள்பட எழுதினேன்.

முப்பதாம் நாளை எதிலிருந்து எண்ணுவது? இங்கேதான் அடியில் உள்ள ‘நவம்பர் 12’ சிக்கலாகிறது. ஊர்ப்பெயரோடு அடியில் வரும் நாள் அறிவிப்பு வெளியிடப்பட்ட நாள். அது இறந்த நாளாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ்வறிவிப்பில் இறந்த நாள் எங்கும் குறிக்கப்படவில்லை. முதலாளியின் படிவத்திலோ இறந்த நாளுக்கென ஒரு கட்டம் இருந்தது. அதில் 12 என்று எழுதாமல் மகளைக் கேட்கச் சொன்னேன். அவர் இறந்தது 11ஆம் நாள் இரவு.

மேலும், மரண அறிவிப்பு என்பது சான்றிதழ் அன்று. அலுவலகத் தேவைக்கு இத்தாலிய நகராட்சியில் மரணப் பதிவின் பன்மொழி வடிவத்தைக் கேட்டுப் பெறலாம். 1976ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அப்படிவத்தில் ஆங்கிலமும் இருப்பதால் அதனைப் பெயர்க்கும் வேலையே இல்லை. மகள் பின்னர் அதையும் பெற்று அனுப்பினார்.

மலரும் நன்றியும்

‘நொன் ஃபியோரி மா ஓபெரே தி பேனே’ என்பது மலர்கள் வேண்டா, நற்செயல்கள் செய்க என்ற வாய்பாடு. மலருக்காகும் பணத்தை அறப்பணிக்குக் கொடுங்கள் என்பது குறிப்பு. ஆங்கிலத்தில் ‘நோ ஃபிளவர்ஸ் பிளீஸ், டொனேஷன்ஸ் டு சேரிட்டி’ என்றால் போதும். ‘குட் வர்க்ஸ்’ என்று நேராகப் பெயர்த்தால் பணம் பற்றிய குறிப்பு மறைந்துபோகும். பிரிக்பீல்ட்ஸிலுள்ள அண்ணன் குடும்பம், பெரிய மலர்வளையம் ஒன்றை அங்குள்ள கடை மூலம் அனுப்ப ஏற்பாடு செய்யவிருந்தது. மாலையில்லாமல் ஒரு சாவுக்குச் செல்வது நம் வழக்கில் குறையல்லவா? இந்த வரியைக் காட்டியபின் அவர்கள் அதனை நிறுத்தி, பங்குக் கோயிலுக்கு மகள் வழியாக ஒரு தொகையை அனுப்பினர்.

கடைசி வரி ‘லா ப்ரெசெந்தே எ பர்த்தெச்சிபட்சியோனே எ ரிங்க்ரட்சியமென்த்தோ’. பர்த்தெச்சிபட்சியோனே என்பதை ‘பார்ட்டிசிபேஷன்’ என்று பெயர்த்தால் பொருளற்றுப்போகும். இவ்விடத்தில் அதற்கு நேரில் தெரிவித்தல், அறிவிப்பு மடல் என்று பொருள். தனித்தனியாக யாருக்கும் மடல் வராது. இதுவே அழைப்பு, இதுவே நன்றி என்று குடும்பத்தார் சொல்கின்றனர். உற்றார் உறவினர் அனைவரும் இதனையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டும் நம் அறிவிப்புகளின் இறுதி வரி இதற்கு நேர் இணை. அந்த வரியைத் தமிழில் அறிந்திருந்ததால்தான் இத்தாலிய வரியின் வேலை எனக்கு எளிதில் பிடிபட்டது.

முழு ஆங்கில வடிவமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அடியில், இது சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு அன்று என்றும், மலேசிய நேரம் என்னால் சேர்க்கப்பட்டது என்றும் இரு குறிப்புகள் இட்டேன். அத்தையின் நிறுவனம் சம்பந்திக்குத் துக்க விடுப்புத் தரவில்லை. ஆயினும் கடிதத்தைப் படித்த மேலாளர், டிசம்பர் மாதத்து ஆண்டு விடுப்பை முன்கூட்டி எடுத்துக்கொள்ள ஒப்புதல் அளித்தார். அத்தை முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சென்று வந்தார். போகும்போது ஆங்கிலத் தாளோடு, அந்த இத்தாலிய அறிவிப்பின் படத்தையும் அச்செடுத்து, கொன்சுவோச்செரா என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடிட்டு எடுத்துச் சென்றார்.